மூன்றரை மணிக்கு நிறுத்துவேன்

அவளைப் பாட்டு மிஸ் என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. அவளை வேலைக்கு வைத்திருந்த அறக்கட்டளை நடத்திய இருபத்திரண்டு குழந்தைகள் காப்பகங்களிலும் வேலை பார்த்த பெண்களிடம் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். பாட்டு மிஸ் என்றால் முகம் மலர்ந்துவிடும். பதினோரு வருஷம் கைக்குழந்தைகள் அறையில் இருந்தவள். பல் முளைக்கிற வேதனையில் கத்துகிற பிள்ளைகூட அவள் குரலைக் கேட்டால் அழுகையைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கும். அந்தக் குரலுக்காகவே அவளைத் தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்துப் பயிற்சியாளர் ஆக்கினார்கள். அதுவும் ஏழு வருஷம் ஆகிவிட்டது.

அவள் நடத்தும் பயிற்சி வகுப்பு ஒரு கச்சேரி மாதிரி இருக்கும். துணிப்பையிலிருந்து ஒரு பச்சைக் கிளிப் பொம்மையை எடுத்துக் கையில் மாட்டிக்கொள்வாள். கிளி மிஸ்ஸை எதிர்த்துப் பேசும். மிஸ் கிளியைக் கெஞ்சுவாள். காப்பகப் பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, அம்மா வரத் தாமதமாகிவிட்ட ஒரு பையன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கதையைச் சொல்வாள். பாதிப் பேர் கண்ணைத் துடைப்பார்கள். அப்புறம் எல்லாரும் எழுந்து கைகோத்து ஒரு பாட்டு. திரையில் சூரியகாந்திப் பூவும் அதன் மேல் ‘நன்றி’ என்ற எழுத்தும். கருத்துப் படிவத்தில் ஐந்துக்கு ஐந்து. அந்தப் படிவங்களை அவள் தேதிவாரியாகக் கோப்பில் போட்டு வைத்திருந்தாள். மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் புரட்டுவாள்.

இந்த அலுவலகத்தில் அவளுடைய நாத்தனாரும் வேலை பார்த்தாள். வேலை வாங்கிக் கொடுத்ததே பாட்டு மிஸ்தான். கணவனின் தங்கை, ஒண்டிக்கட்டை, இருந்த வேலையும் போய் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது, நிர்வாகி மேடத்திடம் போய், “கணக்குல படு சுத்தம், வம்பு தும்புக்குப் போக மாட்டா” என்று சொல்லி உள்ளே சேர்த்துவிட்டவள். நாத்தனாருக்குக் கொடுத்தது பதிவேடு சரிபார்க்கிற வேலை. காப்பகம் காப்பகமாகப் போய், கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா, அவசர வழிக் கதவை அட்டைப்பெட்டி மறைக்கிறதா என்று பார்த்து டிக் போடுவாள். பேச்சு மளிகைச் சாமான் பட்டியலைப் படிக்கிற மாதிரி இருக்கும். சிரிப்பு வருஷத்துக்கு இரண்டு முறை.

அப்படிப்பட்டவளை, இன்னொரு பயிற்சியாளர் பிரசவ விடுப்பில் போனதும், மேடம் தற்காலிகமாகப் பயிற்சிக்குப் போட்டார். தலைப்பு: காலையில் பெற்றோர் விட்டுவிட்டுப் போகும்போது அழுகிற குழந்தையைத் தேற்றுவது எப்படி. பாட்டு மிஸ்ஸுக்கு உள்ளுக்குள் சிரிப்பு. முதல் வகுப்பு அன்று தண்ணீர் பாட்டில் எடுக்கிற சாக்கில் அந்த அறைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தாள். முன்வரிசையிலேயே ஒருத்தி கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டின்போது கணவனிடம், பாவம் அவளுக்கு இது ஒத்துவராது, யாராவது மேடத்திடம் எடுத்துச் சொன்னால் நல்லது என்று மிகவும் கவலைப்பட்டாள். அன்றைக்கு நன்றாகத் தூங்கினாள்.

மூன்று வாரம் கழித்து மாதாந்திரக் கூட்டம். மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, நாலு காப்பகத் தலைவிகளிடமிருந்து போன் வந்தது என்றார். காலை எட்டு மணி அழுகை குறைந்திருக்கிறதாம். ஒரு காப்பகத்தில் வாசலில் குட்டி ஸ்டூல் போட்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாளாம், எல்லாப் பிள்ளையும் வந்து சேரும்வரை எழுந்திருப்பதில்லையாம். இன்னொன்றில், அம்மா சொல்லாமல் நழுவிப் போகக்கூடாது, பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும் என்று வாசலிலேயே நின்று பெற்றோரிடம் கேட்டுக்கொள்கிறார்களாம். மேடம் நாத்தனாரைப் பார்த்தார். “எத்தனையோ பயிற்சி குடுத்திருக்கோம். போயிட்டு வந்து ஏதோ செய்யறாங்கன்னு இப்பதான் கேள்விப்படறேன். நீ கடைசில போடற அந்த ஸ்லைடு என்ன, எல்லாருக்கும் அனுப்பு.”

பாட்டு மிஸ் கைதட்டினாள். மற்றவர்களைவிட ஒரு நொடி அதிகமாகவே தட்டினாள். நெஞ்சுக்குள் யாரோ மிளகாயை அரைத்துப் பூசினாற்போல இருந்தது. எத்தனையோ பயிற்சி என்றால் யாருடைய பயிற்சி? ஏழு வருஷம் தொண்டை வறளப் பாடியது யார்?

கூட்டம் முடிந்ததும் நாத்தனாரின் கோப்பைப் பொதுக் கணினியில் திறந்து பார்த்தாள். கடைசி ஸ்லைடு வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. ஒரு படம்கூடக் கிடையாது. ஐந்து கேள்விகள்: நான் செய்யப் போகும் ஒரே ஒரு காரியம் என்ன? எந்தக் கிழமை, எத்தனை மணிக்குத் தொடங்குவேன்? அதற்கு என்ன வேண்டும், யாரிடம் கேட்பேன்? எது குறுக்கே வரும், வந்தால் என்ன செய்வேன்? செய்தேனா என்று என்னை யார், எந்தத் தேதியில் கேட்பார்கள்?

இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம்? கேள்விகளை நகல் எடுத்தாள், சூரியகாந்திப் பின்னணியில் ஒட்டினாள், எழுத்துக்கு நிழல் கொடுத்தாள். பார்க்க ஆயிரம் மடங்கு நன்றாக இருந்தது. அடுத்த வகுப்பில், குழந்தையோடு பேசுவது எப்படி என்ற தன்னுடைய பயிற்சியில், கிளியும் ஜன்னல் பையனும் பாட்டும் முடிந்து ஆறே நிமிஷம் மிச்சமிருக்கையில் அதைப் போட்டாள். வெளியே வேன் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தது. இருபத்து நாலு பேரும் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே எழுதிக் கொடுத்தார்கள். அன்பாக இருப்பேன். பொறுமையாகப் பேசுவேன். குழந்தையின் மனசைப் புரிந்துகொள்வேன். ஒருத்தி வெறுமனே ‘அன்பு’ என்று எழுதியிருந்தாள். கிழமையும் மணியும் கேட்ட இடத்தில் அநேகமாக எல்லாரும் ‘எப்போதும்’ என்றார்கள். பாட்டு மிஸ் அவற்றை ஒரு கவரில் போட்டு அலமாரியில் வைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, எழுதியதைச் செய்கிறார்களா என்று மேடம் கேட்டபோதுதான் கவர் ஞாபகம் வந்தது. உட்கார்ந்து வரிசையாகப் போன் போட்டாள். அன்பா இருக்கோம் மிஸ், என்றார்கள். எப்படி என்று கேட்டால், முன்னாடியும் அன்பாத்தான் இருந்தோம் மிஸ், என்றார்கள். ஒருத்தி, “எந்த ட்ரெய்னிங் மிஸ்? அந்தக் கிளி வந்துச்சே, அதுவா?” என்றாள். பாட்டு மிஸ் போனை வைத்துவிட்டுக் கவரை மறுபடி அலமாரியில் போட்டாள்.

வீட்டிலும் தப்ப முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாத்தனார் சாப்பிட வருவது வழக்கம். சோற்றில் கை வைத்ததும் போன் அடிக்கும். இடது கையால் எடுத்து, “ஸ்டூல் வந்துச்சா? வரலையா? யார்கிட்ட கேட்டீங்க? அவங்க லீவுன்னா அடுத்து யாருன்னு எழுதினீங்களே, அவங்கள கேட்டுட்டு செவ்வாக்கெழம எனக்குச் சொல்லுங்க” என்பாள். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கணவன் சாப்பாட்டை மறந்து தங்கையையே பார்த்துக்கொண்டிருப்பான். “பாத்தியா, லீவு நாள்லகூட அவளத்தான் தேடறாங்க” என்று பெண்டாட்டியிடம் சொல்வான். அவன் எதையும் மனசில் வைத்துக்கொண்டு சொல்கிறவன் இல்லை. அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகக் குத்தியது. ரசத்தில் உப்புக் கூடிவிட்டது என்று அன்றைக்கு அவனே சொன்னான்.

மறுநாள் அவள் ஒரு காரியம் செய்தாள். பிற்பாடு நினைத்து வெட்கப்பட்ட காரியம். ஒரு காப்பகத்துப் பெண் பேச்சுவாக்கில், உங்க நாத்தனார் சாப்பாடு ஊட்டற நேரத்துல போன் பண்றாங்க, கையில பருப்போட எடுக்க வேண்டியிருக்கு என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். பாட்டு மிஸ் மேடத்தின் அறைக்குப் போய், எழுதிக் கொடுத்ததைச் செய்தாயா செய்தாயா என்று விரட்டுவதாகப் பல பேர் வருத்தப்படுகிறார்கள், சொந்தக்காரி என்பதால் சொல்லச் சங்கடமாக இருக்கிறது என்றாள். ஒருத்தி பல பேர் ஆனாள். சிரிப்பு வருத்தம் ஆனது.

மேடம் யோசித்தார். “நல்லவேளை சொன்னீங்க. வியாழக்கிழமை அவ வகுப்பு இருக்கு. நீங்களே முழுசா உக்காந்து பாத்து எனக்கு எழுதிக் குடுங்க. உங்களவிட யாருக்குத் தெரியும்?”

தானே வெட்டிய பள்ளம்.

வியாழக்கிழமை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். குறைகள் கொட்டிக் கிடந்தன. குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. ஸ்லைடைப் பார்த்தே படிக்கிறாள். ஜோக் இல்லை. மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஆட்டமோ பாட்டோ இல்லாததால் இரண்டு பேர் தூங்கி வழிகிறார்கள். பதினேழு குறைகளை எண் போட்டு எழுதியதும் பாட்டு மிஸ்ஸுக்கு மனசு லேசானது. ஜன்னல் வழியாக வந்த காற்றுகூட நன்றாக இருப்பதாகப் பட்டது.

சரியாக மூன்றரைக்கு நாத்தனார் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் நாலைந்து ஸ்லைடு பாக்கி. “மிச்சம் உங்க தாள்ல இருக்கு, படிச்சுக்கலாம்” என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் தாண்டி அந்த வெள்ளை ஸ்லைடுக்குப் போய்விட்டாள். வேன் நாலரைக்குத்தான். ஒரு மணி நேரம் முழுசாக. பாட்டு மிஸ் பதினெட்டாவது குறையாக ‘பாடம் முடிக்கவில்லை’ என்று எழுதினாள்.

ஆளுக்கு ஒரு அட்டை கொடுத்தாள் நாத்தனார். பத்து நிமிஷம் யாரும் பேசாமல் எழுத வேண்டும். அப்புறம் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருத்தர் அட்டையை மற்றவர் படித்துக் கேள்வி கேட்க வேண்டும். கேள்வி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுவதற்காக ஒரு அட்டையை வாங்கிப் பார்த்தாள். குழந்தை அழுதால் பொறுமையாக இருப்பேன் என்று எழுதியிருந்தது. நாத்தனார் முகம் சுளிக்கவில்லை.

“திங்கக்கெழம காலைல நான் உங்க ரூம் வாசல்ல நின்னு பாத்தா, எது என் கண்ணுல படும்?”

அந்தப் பெண் கொஞ்சம் திணறினாள். பிறகு, “நான்... கீழ உக்காந்திருப்பேன். புள்ளைய மடில வெச்சிருப்பேன்” என்றாள்.

“எத்தன மணிக்கு?”

“எட்டு மணிக்கு. ஆனா எட்டு மணிக்குப் பால் டம்ளர் அடுக்கணுமே நான்.”

“அதத்தான் நாலாவது கேள்வில எழுதணும். டம்ளர யார் அடுக்குவாங்க?”

பெண் யோசித்தாள். அறை முழுவதும் அவளோடு யோசித்தது. தூங்கி வழிந்த இருவரும்கூட நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவளே, முதல் நாள் சாயங்காலமே அடுக்கித் துணி போட்டு மூடிவிடலாம் என்றாள். நாத்தனார் தலையசைத்தாள். “அப்ப உங்க மொத வேல திங்கக்கெழம இல்ல, வெள்ளிக்கெழம சாயங்காலம். அத எழுதுங்க.”

பாட்டு மிஸ்ஸின் பேனா பத்தொன்பதாவது எண்ணைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றது.

ஜோடி சேரும்போது ஒரு ஆள் குறைந்தது. நாத்தனார் பின்வரிசைக்கு வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, “அண்ணி, ஒருத்தங்களுக்கு ஜோடி இல்ல. நீங்க உக்காருறீங்களா?” என்றாள். இருபத்தொரு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கையில் ஒரு அட்டையையும் திணித்துவிட்டுப் போனாள்.

எதிரே வந்து உட்கார்ந்தது ஒரு கண்ணாடிக்காரப் பெண், ஐம்பது வயதிருக்கும், இரண்டு வயதுக் குழந்தைகள் அறைக்காரி. முதலில் பாட்டு மிஸ்தான் கேள்வி கேட்டாள், அந்தப் பெண்ணும் பொறுப்பாகப் பதில் சொன்னாள். முறை மாறியது. பாட்டு மிஸ் அட்டையில் ‘அறிக்கை எழுதுவேன்’ என்று எழுதியிருந்தாள். கண்ணாடிக்காரி அதைத் தூரத்தில் பிடித்துப் படித்துவிட்டு, “இது உங்க ஆபீஸ் வேலையாச்சே மிஸ். உங்க வகுப்புல என்ன மாத்தப் போறீங்க?” என்றாள். அப்புறம் ஞாபகம் வந்தவளாக, இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிளி வகுப்புக்கு வந்ததையும், அந்தப் பாட்டை இன்னும் பாத்திரம் கழுவும்போது பாடுவதையும் சொன்னாள். பாட்டு மிஸ்ஸுக்கு உச்சி குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சியிலேயே வாயைக் கொடுத்தாள்.

“அதுக்கப்புறம் உங்க ரூம்ல என்ன மாத்துனீங்க?”

கண்ணாடிக்காரி உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். “மாத்தணும்னு நீங்க ஒண்ணும் கேக்கலையே மிஸ்” என்றாள். குத்திக் காட்டவில்லை. கடையில் பொருள் தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அட்டையை நிரப்பப் பத்து நிமிஷம் ஆயிற்று. கண்ணாடிக்காரி விடவில்லை. என்ன செய்வேன்: பாடம் முடிந்தாலும் முடியாவிட்டாலும் மூன்றரை மணிக்கு நிறுத்துவேன், அவர்களை எழுத வைப்பேன். எப்போது: வருகிற செவ்வாய். என்ன வேண்டும்: அட்டை இருபத்து நாலு, எல்லாருக்கும் தெரிகிற கடிகாரம் ஒன்று. எது குறுக்கே வரும்? பாட்டு மிஸ் ‘எனக்குப் பாடத் தோன்றும்’ என்று எழுதினாள். வந்தால் என்ன செய்வேன்: மூன்று இருபத்தைந்துக்கே கிளிப் பையை முன்வரிசையில் யாரிடமாவது கொடுத்துவிடுவேன். கேட்கப்போவது கண்ணாடிக்காரி, புதன்கிழமை மத்தியானம் ஒன்றரைக்கு, பிள்ளைகள் தூங்கும் நேரத்தில்.

கடைசியில் நாத்தனார் எல்லா அட்டையையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு அட்டைகளை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தாள். பாட்டு மிஸ்ஸின் அட்டையைப் படம் எடுக்கும்போது அதைப் படித்தாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. வருஷத்துக்கு இரண்டு முறை சிரிக்கிற முகம் அது.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் ஒரு மணி நேரத்தை எங்கிருந்து வெட்டுவது என்பது லேசான விஷயமாக இல்லை. கிளியின் இரண்டாவது சண்டையை எடுத்தாள். போதவில்லை. ஜன்னல் கம்பிப் பையன்தான் போக வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளையை விடுதியில் விடுகிற மாதிரி அந்தக் கதையை விட்டாள். மூன்று இருபத்தைந்துக்குக் கிளிப் பையை முன்வரிசைப் பெண்ணிடம் கொடுத்தாள். ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. ஒரு சின்னப் பாட்டு நுழைந்துவிட்டது. மூன்று நாற்பதுக்குத்தான் கேள்விகளைப் போட்டாள், சூரியகாந்தி இல்லாமல்.

அறை அமைதியானது. இருபத்து நாலு தலைகளும் குனிந்திருந்தன. ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அந்த அறையில் யாரும் அவளைப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தில் நின்றுகொண்டு கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தாள். அந்த அட்டைகள்மேல்கூட அவளுக்குப் பொறாமை வந்தது. பிறகு ஜோடி ஜோடியாக நடந்து, ‘அன்பாக இருப்பேன்’ என்று எழுதியவர்களிடம், நான் வந்தால் எது கண்ணில் படும் என்று கேட்டாள். கேட்கக் கேட்க, நாத்தனாரின் வார்த்தைகள் தன் வாயிலிருந்து வருகின்றனவே என்று உறுத்தியது. கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. அன்று யாரும் அழவில்லை, கைதட்டல் அரைகுறை. கருத்துப் படிவத்தில் ஏழெட்டுப் பேர் நாலு போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை ஒன்றரைக்குப் போன் அடித்தது. “மூணரைக்கு நிறுத்தினீங்களா மிஸ்?” என்றாள் கண்ணாடிக்காரி, தூங்கும் பிள்ளைகள் நடுவிலிருந்து கிசுகிசுப்பாக.

“மூணு நாப்பது ஆயிடுச்சு.”

“பரவால்ல. அடுத்த தடவ?”

அடுத்த தடவைக்கும் ஒரு தேதி வாங்கிக்கொண்டுதான் அவள் போனை வைத்தாள்.

அன்றே பாட்டு மிஸ் மேடத்திடம் போனாள். பல பேர் என்று சொன்னது தப்பு, ஒருத்திதான், அவளும் புகாராகச் சொல்லவில்லை என்றாள். மேடம் எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்காததுதான் முள்ளாகக் குத்தியது. அறிக்கையில் பதினெட்டுக் குறைகளில் பதினேழை அடித்துவிட்டு, புதிதாக ஒன்றைச் சேர்த்து, இரண்டை மட்டும் வைத்தாள்: குரலை உயர்த்த வேண்டும், விசாரிக்கிற போனைப் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் போட வேண்டும். நாத்தனார் அதைப் படித்துவிட்டு அண்ணியின் மேசைக்கு வந்தாள். போன் விஷயம் தனக்குத் தோன்றவேயில்லை என்றாள். “குரல் எனக்கு வராது அண்ணி. மைக் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். பத்தாம் தேதி கெடைக்குமாம்” என்றாள். யார் மேடத்திடம் என்ன சொன்னார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருந்ததா இல்லையா, பாட்டு மிஸ்ஸுக்கு இன்றுவரை தெரியாது. விசாரிப்பெல்லாம் வேலை நாளில் பிள்ளைகள் தூங்கும் நேரத்துக்கு மாறியதால், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டின்போது நாத்தனாரின் போன் அடிப்பது நின்றது.

இரண்டு வாரம் கழித்துப் பாட்டு மிஸ் தன் இருபத்து நாலு பேருக்கும் போன் போட்டாள். பதின்மூன்று பேர் எழுதியதைச் செய்திருந்தார்கள். ஆறு பேர் தொடங்கி விட்டுவிட்டார்கள். ஐந்து பேர் தொடவேயில்லை. அதில் இரண்டு பேருக்குத் தலைவி அனுமதி தரவில்லை என்று தெரிந்ததும் அவளே தலைவியிடம் பேசினாள். நாத்தனாரின் கணக்கையும் சாமர்த்தியமாக விசாரித்தாள். இருபத்தொன்றுக்குப் பதினைந்து. நாத்தனார் அதை அறிவிப்புப் பலகையிலேயே ஒட்டி வைத்திருந்தாள், செய்யாத ஆறு பேரையும் சேர்த்து. தோற்றதை மறைக்கத் தெரியாதவளோடு எப்படிப் போட்டி போடுவது? கால்குலேட்டரில் இரண்டு பேருடைய விழுக்காட்டையும் போட்டுப் பார்த்துவிட்டுப் பாட்டு மிஸ் பல்லைக் கடித்தாள். அடுத்த வகுப்பில் ஐந்து நிமிஷம் முன்னதாக, மூன்று இருபதுக்கே, கிளிப் பையைக் கொடுத்துவிட்டாள்.

சில மாதங்கள் கழிந்து ஒரு முற்பகலில், ஏதோ தாள் கொடுக்க ஒரு காப்பகத்துக்குப் போனவள், ஒரு வயதுக் குழந்தைகள் அறையின் கண்ணாடித் தடுப்பு வழியே உள்ளே பார்த்தாள். துணி மாற்ற வேண்டிய குழந்தை ஒன்று தரையில் உட்கார்ந்து டப்பாவை உருட்டிக்கொண்டிருந்தது. காப்பாளர் பெண் அதைச் சட்டென்று தூக்கவில்லை. எதிரே மண்டியிட்டு, ஈரம் மாத்தலாமா என்று கேட்டு, இரண்டு கையையும் நீட்டிவிட்டுக் காத்திருந்தாள். உதடு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது தெரிந்தது. குழந்தை டப்பாவைப் பார்த்தது, அவள் கையைப் பார்த்தது, பிறகு தானாகவே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தது.

பாட்டு மிஸ் தாளை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள். தூக்குவதற்கு முன் கையை நீட்டி மூன்று எண்ணுவேன் என்ற அட்டை அவளுக்கு ஞாபகம் இருந்தது. அதை எழுத வைத்தது தன் வகுப்பில்தான் என்று நிச்சயமாகத் தோன்றியது. அந்தப் பெண் வெளியே வந்ததும், இது எந்தப் பயிற்சியில் எழுதினது என்று வாய் விட்டே கேட்டாள்.

பெண் யோசித்தாள். “உங்களுதுல எழுதினேன் மிஸ். மொதல்ல சரியா வரல. அப்புறம் உங்க நாத்தனார் வகுப்புக்கு வந்தப்ப மறுபடி எழுதினேன். அப்பதான் புடிச்சுது.”

பாட்டு மிஸ், ரொம்ப நல்லது என்றாள். அதை மனசாரத்தான் சொன்னாள். தெருவில் இறங்கிப் பேருந்து நிறுத்தம் வரைக்கும் அந்தக் குழந்தை கையைத் தூக்கினதையே நினைத்துக்கொண்டு நடந்தாள். பேருந்தில் உட்கார்ந்ததும், அந்த அட்டையைத் தனக்கும் நாத்தனாருக்கும் பாதிப் பாதியாகத்தான் கணக்கில் எழுத வேண்டுமா, அல்லது முதலில் எழுத வைத்தவளுக்குக் கொஞ்சம் கூடுதலா என்ற எண்ணம் வந்தது. இறங்குகிற வரைக்கும் அது போகவில்லை.